பாட்டைக் கேட்கும் துளை, ஃபைலைக் கேட்கும் துளை

பத்துப் பதினைந்து வருடத்துக்கு முந்தைய கார் ஸ்டீரியோவின் முகப்பைப் பாருங்கள். வால்யூம் திருகுக்குப் பக்கத்தில், சில செட்களில் ஒரு சின்ன ரப்பர் மூடிக்குப் பின்னால், இரண்டு துளைகள் இருக்கும். வட்டமாக இருப்பது ஆக்ஸ். செவ்வகமாக இருப்பது யுஎஸ்பி. போனில் உள்ள பாட்டை அந்தச் செட்டில் போட இவை இரண்டு வழிகள், எதில் செருகினாலும் ஒன்றுதான் என்று பெரும்பாலோர் நினைக்கிறார்கள். சார்ஜ் போடும் கேபிள் கையிலேயே இருப்பதால் முதலில் செவ்வகத்தில்தான் செருகுகிறார்கள். செட் கொஞ்ச நேரம் READING என்று யோசிக்கும். பிறகு NO FILE என்றோ NO DEVICE என்றோ காட்டிவிட்டு ரேடியோவுக்குத் திரும்பிவிடும். போன் மட்டும் பாட்டுக்குச் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்.

செட்டிலும் கோளாறு இல்லை, போனிலும் இல்லை. இரண்டு துளைகளும் கேட்கும் பொருள் வேறு வேறு. ஆக்ஸ் துளைக்குத் தேவை, ஏற்கெனவே பாட்டாக மாறிவிட்ட மின் அலை. பாட்டைத் தேடுவது, பிரிப்பது, ஒலியாக்குவது எல்லாம் போனின் வேலை. செட் அதை வாங்கிப் பெரிதாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும், அவ்வளவுதான். யுஎஸ்பி துளையில் நடப்பது நேர் தலைகீழ். அங்கே செட்டுக்குள்ளேயே ஒரு குட்டிக் கணினி உட்கார்ந்திருக்கிறது. அதற்கு வேண்டியது ஃபைல். செருகிய பொருளைத் திறந்து, ஃபோல்டர்களைத் துழாவி, எம்பி3 ஃபைல்களைத் தானே எடுத்துத் தானே பாடும். பென் டிரைவைச் செருகினால் உடனே பாடுகிற செட், போனைச் செருகினால் முழிப்பது இதனால்தான்.

போனுக்குள்ளும் பாட்டு ஃபைல்கள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். இருக்கின்றன, ஆனால் செட்டின் கண்ணுக்குப் படாது. ஆரம்பகால ஆண்ட்ராய்டு போன் வைத்திருந்தவர்களுக்கு நினைவிருக்கும். கம்ப்யூட்டரில் செருகியதும் யுஎஸ்பி ஸ்டோரேஜை இயக்கவா என்று ஒரு பொத்தான் வரும். அழுத்தினால் போனில் உள்ள மெமரி கார்டு அப்படியே பென் டிரைவாகிவிடும். அதில் ஒரு சங்கடம் இருந்தது. ஒரே கார்டை ஒரே சமயத்தில் இரண்டு கருவிகள் கையாண்டால் உள்ளே இருப்பது குழம்பிப்போகும். ஆகவே கம்ப்யூட்டர் விடும்வரை போன் தன் கார்டைத் தானே பார்க்க முடியாமல் இருந்தது. 2011-ஐ ஒட்டி வந்த ஆண்ட்ராய்டு பதிப்புகள் இதை ஓரங்கட்டிவிட்டு எம்டிபி என்ற வேறு முறைக்குப் போயின. இதில் போன் தன் சேமிப்பகத்தை யாரிடமும் ஒப்படைப்பதில்லை. கேட்கிற ஃபைலை மட்டும் எடுத்துக் கொடுக்கும். அந்தப் பேச்சு கம்ப்யூட்டருக்குப் புரியும். பழைய கார் செட்களில் பெரும்பாலானவற்றுக்குப் புரியாது. போனில் வரும் யுஎஸ்பி மெனுவில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் போன் மறுபடி பென் டிரைவ் ஆகாது. அந்த செட்டிங் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடி ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைக்க வேண்டாம்.

ஐபோன்காரர்களுக்குக் கொஞ்சம் சலுகை உண்டு. செட்டின் முகப்பிலோ கையேட்டிலோ iPod என்று இருந்தால், பல செட்களில் ஐபோனைக் கேபிளில் மாட்டியதுமே பாடும். கேபிள் மட்டும் நல்லதாக இருக்க வேண்டும். வெறும் சார்ஜுக்கென்று இரண்டு கம்பியோடு வரும் மலிவு கேபிளில் செட் போனையே உணராது. சில கார்களின் டேஷ்போர்டில் தனியாக, மின்னல் குறியோடு ஒரு யுஎஸ்பி துளை இருக்கும். அது சார்ஜுக்கு மட்டும்தான். அதற்கும் ஸ்டீரியோவுக்கும் தொடர்பே இல்லை.

ஆக, மற்றவர்களுக்கு யுஎஸ்பி துளை என்றால் பென் டிரைவ்தான். அதிலும் பழைய செட்டுக்கு நாக்கு நீளம், எல்லாவற்றையும் தின்னாது. முதல் நிபந்தனை, டிரைவ் FAT32 என்ற முறையில் ஃபார்மட் செய்யப்பட்டிருக்க வேண்டும். இன்று கடையில் கிடைக்கும் 64 ஜிபி, 128 ஜிபி டிரைவ்கள் பெரும்பாலும் exFAT முறையில் வருகின்றன. பழைய செட் அதைப் படிக்காமல் மறுபடி அதே NO FILE-ஐக் காட்டும். விண்டோஸில் டிரைவின் மேல் வலது கிளிக் செய்து வரும் ஃபார்மட் மெனுவோ, 32 ஜிபிக்கு மேற்பட்ட டிரைவுக்கு FAT32 என்ற தேர்வையே காட்டாது. ஆகவே காருக்கென்று வாங்கும்போது பெரிதாக வாங்காதீர்கள். 16 ஜிபியே தாராளம். சாதாரணத் தரமான 128 கேபிபிஎஸ் எம்பி3 நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒரு எம்பி பிடிக்கும். 16 ஜிபியில் இருநூற்றைம்பது மணி நேரத்துக்கு மேல் பாட்டு நிற்கும். கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர் போய்த் திரும்பினாலும் தீராது.

ஃபைல் எம்பி3-ஆக இருந்தால் நிம்மதி. டபிள்யூஎம்ஏ சில செட்களில் பாடும். எம்4ஏ, ஃப்ளாக் போன்றவற்றைப் பழைய செட்கள் பெரும்பாலும் தாண்டிப் போய்விடும். ஐந்நூறு பாட்டு போட்டேன், முந்நூறுதான் வருகிறது என்று ஒருவர் சொன்னால் மற்ற இருநூறும் வேறு வகை ஃபைல்களா என்று பாருங்கள். தமிழில் பெயரிட்ட பாட்டு பாடும்; திரையில் மட்டும் கட்டங்களாகவோ கோடுகளாகவோ தெரியும். பாட்டு ஆப்பில் டவுன்லோட் செய்து வைத்தவை பென் டிரைவுக்கு உதவாது. சந்தா கட்டும் ஆப்கள் அந்த ஃபைல்களைப் பூட்டிவைத்திருக்கின்றன. அந்த ஆப்பைத் தவிர வேறு எதுவும் அவற்றைத் திறக்க முடியாது.

வரிசை குழம்புவதும் பலரைப் படுத்துகிற விஷயம். 01, 02 என்று எண் போட்டுப் பெயர் வைத்திருந்தும் செட் தன் இஷ்டத்துக்குப் பாடும். கம்ப்யூட்டர் ஃபைல்களை அகர வரிசையில் அடுக்கிக் காட்டுகிறது. பழைய செட்டோ டிரைவில் எது முதலில் எழுதப்பட்டதோ அதை முதலில் எடுக்கிறது. கந்த சஷ்டிக் கவசத்துக்கு நடுவே குத்துப்பாட்டு வராமல் இருக்க வேண்டுமானால், டிரைவைக் காலி செய்துவிட்டு, எந்த வரிசையில் பாட வேண்டுமோ அதே வரிசையில் ஒவ்வொரு ஃபோல்டராகக் காப்பி செய்யுங்கள்.

பென் டிரைவில் யூடியூப் இல்லை, நேற்று வந்த பாட்டு இல்லை, மேப் சொல்லும் குரல் இல்லை. போனில் ஒலிப்பது எதுவோ அது அப்படியே ஸ்பீக்கரில் வர வேண்டும் என்றால் வட்டத் துளைக்குத்தான் வர வேண்டும்.

ஆக்ஸில் செட்டைக் குழப்ப எதுவும் இல்லை. எந்தப் போன், எந்த ஆப், எந்த வகை ஃபைல் என்று அது கேட்காது. செட்டில் SRC அல்லது MODE பொத்தானை அழுத்தி AUX வரும்வரை போக வேண்டும். எத்தனை தடவை அழுத்தினாலும் AUX வராத செட்களும் உண்டு. அவற்றில் அந்த வழி மெனுவில் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். செட்டை ஆஃப் செய்துவிட்டு வால்யூம் திருகைச் சில விநாடி அழுத்திப் பிடித்தால் பல செட்களில் ஒரு மெனு திறக்கும். அதில் AUX என்பதை ON ஆக்கினால் போதும். துளையே செத்துப்போய்விட்டது என்று ஒதுக்கப்பட்ட பல செட்களுக்கு இதுதான் வைத்தியம்.

இப்போதைய சிக்கல் போன் பக்கம். 2016-இல் ஐபோன் 7 ஹெட்போன் துளை இல்லாமல் வந்தது. அதன்பின் மற்றவர்களும் ஒவ்வொருவராக அதை மூடினார்கள். ஆகவே டைப்-சி துளையிலிருந்து வட்டத் துளைக்கு மாற்றும் ஒரு சின்ன வால் வேண்டும். கடைகளில் டாங்கிள் அல்லது கன்வெர்ட்டர் என்று கேட்டால் தருவார்கள். பார்க்க ஒன்றுபோல் இருக்கும் இந்த வால்களில் இரண்டு ஜாதி உண்டு.

என் நண்பர் ஒருவர் அப்பாவின் பழைய காரை எடுத்து ஓட்ட ஆரம்பித்தபோது இந்த வழி முழுவதையும் நடந்து பார்த்தார். யுஎஸ்பி கைவிட்டதும், வீட்டுக்குப் பக்கத்துக் கடையில் மிக மலிவான ஒரு டாங்கிளும் ஆக்ஸ் கேபிளும் வாங்கி மாட்டினார். பாட்டு காரில் வரவில்லை. போனின் சொந்த ஸ்பீக்கரிலேயே ஒலித்தது. கேபிள் சரியில்லை என்று வேறு கேபிள் வாங்கினார். அதிலும் அதே கதை. கடைசியில் சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடைக்குப் போனபோது, கடைக்காரர் டாங்கிளைக் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

“போன் என்ன மாடல் சார்?”

நண்பர் காட்டினார்.

“இதுக்கு சும்மா கம்பி போட்ட டாங்கிள் பாடாது சார். உள்ள சிப் இருக்கிறத எடுங்க. டாக் இருக்கான்னு கேட்டு வாங்கணும்.”

அவர் சொன்ன டாக் என்பது எண்களாக இருக்கும் பாட்டை மின் அலையாக மாற்றும் சிப். சில போன்கள் இந்த மாற்றத்தை உள்ளேயே செய்து, தயாரான ஒலியை டைப்-சி துளை வழியாகவே வெளியே விடுகின்றன. அவற்றுக்கு வெறும் கம்பி இணைப்புள்ள டாங்கிள் போதும். இன்னும் பல போன்கள் டைப்-சி வழியாக எண்களை மட்டுமே அனுப்புகின்றன. அவற்றுக்கு டாங்கிளுக்குள்ளேயே சிப் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் இந்தக் கருவி ஒத்துவராது என்று போன் ஒரு அறிவிப்பு காட்டும், அல்லது எதுவும் சொல்லாமல் தன் ஸ்பீக்கரிலேயே பாடும். சிப் உள்ள டாங்கிள் இரண்டு வகைப் போனிலும் அநேகமாகப் பாடும். ஆகவே சில நூறு ரூபாய் கூடினாலும் அதையே வாங்குவது நல்லது. கடையிலேயே உங்கள் போனில் மாட்டி, ஒரு ஹெட்போனைச் செருகிக் கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்.

கேபிள் வாங்கும்போதும் ஒரு நிமிடம் பின்னின் நுனியைப் பாருங்கள். பளபளக்கும் உலோகத்தின் மேல் கறுப்பு வளையங்கள் தெரியும். இரண்டு வளையம் இருந்தால் உலோகம் மூன்று துண்டாகப் பிரிந்திருக்கிறது என்று அர்த்தம்: நுனி இடது ஸ்பீக்கருக்கு, நடுத்துண்டு வலதுக்கு, அடித்துண்டு இரண்டுக்கும் பொதுவான திரும்பும் வழி, அதாவது கிரவுண்ட். மூன்று வளையம் இருந்தால் நான்கு துண்டு. மைக்குக்காக ஒன்று சேர்ந்திருக்கிறது. காருக்கு வேண்டியது இரண்டு வளையப் பின்.

மூன்று வளையக் கேபிளை மாட்டினால் ஒரு வேடிக்கை நடக்கலாம். பாட்டு வரும், பாடகர் வரமாட்டார். வயலின் இருக்கும், கோரஸ் இருக்கும், ஆனால் குரல் மட்டும் எங்கோ கிணற்றுக்குள் எதிரொலிப்பதுபோல் கேட்கும், பேஸும் இளைத்துப்போயிருக்கும். ஸ்பீக்கர் போய்விட்டது என்று முடிவு கட்டிக் கடைக்கு ஓடுபவர்கள் உண்டு. ஆனால் இது கிரவுண்ட் இணைப்பு விட்டுப்போனதன் அடையாளம். இன்றைய நான்கு துண்டுப் பின்களில் அடித்துண்டு மைக்குக்கு உரியது. கிரவுண்ட் அதற்கு மேலே இருக்கிறது. கார் செட்டின் துளையோ கிரவுண்டை அடித்துண்டில்தான் தேடுகிறது. அங்கே கிடைப்பது மைக் கம்பி.

குரல் ஏன் குறிவைத்ததுபோல் மறைகிறது? திரும்பும் வழி இல்லாதபோது இடது கம்பியும் வலது கம்பியும் ஒன்றுக்கொன்று எதிராகத்தான் ஓட முடியும். அதனால் இரண்டிலும் வேறுபடுகிற ஒலி மட்டும் ஸ்பீக்கருக்குப் போய்ச் சேர்கிறது. இரண்டிலும் ஒரே மாதிரி இருப்பது ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடுகிறது. பாடகரின் குரலை ஒலிப்பதிவில் நடுவில் வைப்பார்கள், அதாவது இடம் வலம் இரண்டிலும் சமமாக. பேஸும் அப்படித்தான். ஆகவே முதலில் காணாமல் போவது அவைதான்.

இதைச் சோதிக்க நம் பாட்டுகளே போதும். அறுபதுகளின் எம்.எஸ். விஸ்வநாதன், கே.வி. மகாதேவன் பாட்டு ஒன்றை அதன் பழைய மோனோ பதிவில் போடுங்கள். மோனோவில் இரண்டு பக்கமும் முழுக்க முழுக்க ஒன்றே. கிரவுண்ட் விட்டிருந்தால் பாட்டு கிட்டத்தட்ட மொத்தமாகவே அடங்கிவிடும். அடுத்து, தமிழில் ஸ்டீரியோவில் பதிவான முதல் படப் பாடல்கள் என்று பொதுவாகச் சொல்லப்படும் 1978-இன் ‘ப்ரியா’ பாட்டு ஒன்றைப் போடுங்கள். வாத்தியங்கள் வரும், குரல் பதுங்கும். இரண்டும் இப்படியே நடந்தால் ஸ்பீக்கரைக் குறை சொல்லாதீர்கள், பின்னைப் பாருங்கள். சரியான இரண்டு வளையப் பின்னிலும் இது வந்தால், பின் முழுதாக உள்ளே போகவில்லை என்று பொருள். தடித்த போன் உறை பின்னைத் தடுக்கும். சட்டைப்பையின் பஞ்சு போன் துளையின் அடியில் சேர்ந்து இறுகியிருக்கும். போனை அணைத்துவிட்டு, பல்குத்தும் மரக்குச்சியால் மெதுவாக எடுத்தால் வந்துவிடும். குண்டூசியை விடாதீர்கள்.

என் நண்பருக்குப் பாட்டும் வந்தது, குரலும் வந்தது. அடுத்த தொந்தரவு திண்டிவனம் தாண்டியதும் தொடங்கியது. பாட்டும் மேப்பும் சேர்ந்து ஓடியதில் பேட்டரி இறங்கிவிட, டைப்-சி துளையோடு சார்ஜுக்கும் ஒரு வாய் உள்ள டாங்கிளை மாட்டி, சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் சார்ஜரைச் செருகினார். பாட்டுக்குப் பின்னால் ‘ங்கீஈஈ’ என்று ஒரு இரைச்சல். ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் சுருதி ஏறியது, காலை எடுத்தால் இறங்கியது. பாட்டை நிறுத்தினாலும் அது நிற்கவில்லை.

எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் இரைச்சல் ஆல்டர்னேட்டரிலிருந்து வருவது. அது பாட்டுக்குள் எப்படி நுழைந்தது என்பதுதான் விஷயம். காரில் எல்லா மின் கருவிகளின் நெகட்டிவும் காரின் உடம்பிலேயே போய்ச் சேர்கிறது. ஸ்டீரியோவின் கிரவுண்ட் ஓரிடத்தில் அந்த இரும்பைத் தொடுகிறது; லைட்டர் சாக்கெட் வேறோரிடத்தில் தொடுகிறது. ஹெட்லைட்டும் ஃபேனும் ஆல்டர்னேட்டரும் அதே இரும்பு வழியாக மின்சாரத்தை ஓடவிடுவதால், அந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே மிகச் சிறிய ஒரு வோல்டேஜ் வித்தியாசம் எப்போதும் ஆடிக்கொண்டிருக்கும். போன் தனியாக இருந்தவரை அதனால் பாதிப்பில்லை. சார்ஜரிலும் ஆக்ஸிலும் ஒரே சமயத்தில் மாட்டிய நிமிடம், போன் அந்த இரண்டு இடங்களுக்கும் பாலம் கட்டிவிட்டது. வித்தியாசம் முழுவதும் ஆக்ஸ் கேபிளின் கிரவுண்ட் கம்பி வழியாக ஓடி, பாட்டோடு சேர்ந்து பெரிதாக்கப்படுகிறது. மெக்கானிக்குகள் இதை கிரவுண்ட் லூப் என்பார்கள்.

உறுதி செய்வது சுலபம். எஞ்சின் ஓடும்போது சார்ஜரை மட்டும் பிடுங்குங்கள். இரைச்சல் அந்த நொடியே நின்றால் அது கிரவுண்ட் லூப்தான். சார்ஜர் இல்லாமலும் இரைகிறதென்றால் ஆக்ஸ் கேபிளைச் செட்டிலிருந்தே கழற்றிவிட்டு ரேடியோவைப் போட்டுக் கேளுங்கள். அதிலும் ‘ங்கீ’ வந்தால் போனுக்கும் கேபிளுக்கும் சம்பந்தமில்லை. செட்டுக்கு வரும் கரண்ட் லைனிலோ எர்த் இணைப்பிலோ தளர்வு இருக்கிறது. அது ஆட்டோ எலக்ட்ரீசியன் பார்க்க வேண்டிய வேலை.

கிரவுண்ட் லூப்புக்குக் காசில்லாத தீர்வு, பவர் பேங்கில் சார்ஜ் போடுவது. பவர் பேங்க் காரின் இரும்பைத் தொடுவதில்லை, ஆகவே பாலம் உண்டாகாது. நிரந்தரத் தீர்வு வேண்டுமானால் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்று கேட்டு வாங்கி, ஆக்ஸ் கேபிளுக்கு நடுவில் மாட்டுங்கள். சில நூறு ரூபாய்தான். உள்ளே இரண்டு குட்டி டிரான்ஸ்ஃபார்மர்கள் இருக்கும், இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. பாட்டு காந்தப்புலமாக ஒரு சுருளிலிருந்து மறு சுருளுக்குத் தாவிவிடும். உலோகத் தொடர்பு அறுந்துவிடுவதால் இரைச்சல் தாவ வழியில்லை. மலிவானவற்றில் டிரான்ஸ்ஃபார்மர் மிகச் சிறியது என்பதால் அடித்தொண்டை பேஸ் கொஞ்சம் குறையும். கார் ஓடும் சத்தத்தில் அது பெரிய நஷ்டமில்லை. வீட்டில் உட்கார்ந்து கேட்பவர்கள் கவனிப்பார்கள். வாங்கும்போது மல்டிமீட்டர் கிடைத்தால், உள்ளே போகும் பின்னின் அடித்துண்டையும் வெளியே வரும் பின்னின் அடித்துண்டையும் தொட்டுப் பாருங்கள். பீப் அடித்தால் உள்ளே வெறும் கம்பிதான் இருக்கிறது, திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

வயரே வேண்டாம், ஆக்ஸ் துளையில் செருகும் ப்ளூடூத் ரிசீவர் போதும் என்று போகிறவர்களையும் இதே இரைச்சல் துரத்தும். அந்த ரிசீவருக்குச் செட்டின் யுஎஸ்பியிலிருந்தோ லைட்டர் சாக்கெட்டிலிருந்தோ கரண்ட் எடுத்தால் அதே பாலம் மறுபடி உருவாகிறது. உள்ளேயே பேட்டரி உள்ள ரிசீவரை வீட்டில் சார்ஜ் செய்து கொண்டுவந்தால் இரைச்சல் வராது.

வால்யூம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஆக்ஸில் இரண்டு வால்யூம்கள் இருக்கின்றன, போனில் ஒன்று, செட்டில் ஒன்று. போனைக் குறைத்து வைத்துச் செட்டைக் கூட்டினால், பாட்டோடு சேர்ந்து ‘ஸ்ஸ்’ என்ற பின்னணி ஒலியும் கூடும். போனை எண்பது தொண்ணூறு சதவீதத்தில் நிறுத்திவிட்டு, கூட்டல் குறைத்தலைச் செட்டில் மட்டும் செய்யுங்கள். சத்தமான இடங்களில் குரல் கரகரத்தால் போனில் இரண்டு புள்ளி இறக்குங்கள். போனில் உள்ள பேஸ் பூஸ்ட், ஈக்வலைசர் வகையறாக்களை அணைத்துவிடுங்கள். செட்டிலும் அவை இருப்பதால் இரண்டும் சேர்ந்து பாட்டைக் குழப்பும். போனிலிருந்து வரும் ஒலி பொதுவாக ரேடியோவைவிட மெலிதாக இருப்பதால் செட்டைக் கூட்டிவைத்திருப்பீர்கள். அப்படியே ரேடியோவுக்கு மாற்றினால் விளம்பரம் காதைக் கிழிக்கும். குழந்தை தூங்கும் காரில் இது விளையாட்டில்லை.

வீட்டு ஆம்ப்ளிஃபயருக்கும் இதே ஆக்ஸ்தான், துளை மட்டும் வேறு. பின்பக்கம் சிவப்பும் வெள்ளையுமாக ஜோடி ஜோடியாக ஆர்சிஏ துளைகள் இருக்கும். ஒரு பக்கம் ஸ்டீரியோ பின், மறு பக்கம் இரண்டு ஆர்சிஏ உள்ள கேபிள் எல்லா எலக்ட்ரானிக்ஸ் கடையிலும் கிடைக்கும். AUX, CD, TUNER, TAPE IN என்று எழுதிய எந்த ஜோடியிலும் தைரியமாகச் செருகலாம். எல்லாம் ஒரே அளவு ஒலியை எதிர்பார்ப்பவை. PHONO என்று எழுதிய ஜோடியைத் தொடாதீர்கள். அது இசைத்தட்டு ஊசிக்கானது. ஊசியிலிருந்து வரும் சில மில்லிவோல்ட்டை நூறு மடங்கு அளவுக்குப் பெருக்கி, பேஸை வேறு தூக்கிக் கொடுப்பது அதன் வேலை. அதில் போனைக் கொடுத்தால் பாட்டு மொத்தமாகக் கரகரத்து உறுமும். MIC துளையும் அப்படியே.

வட்டமாக ஐந்து குட்டித் துளைகள் உள்ள பழைய ரேடியோக்கள் சில வீடுகளில் இன்னும் இருக்கின்றன. அது டின் சாக்கெட். அதற்கும் ஸ்டீரியோ பின்னிலிருந்து கேபிள் செய்யலாம். நடுத்துளையான 2 கிரவுண்ட், 3 இடது, 5 வலது. எண்கள் வரிசையாக இல்லாமல் தாண்டித் தாண்டி இருக்கும். பின்னின் உட்புறத்தில் பொடியாக அச்சிட்டிருப்பார்கள், அதைப் பார்த்தே சால்டர் வைக்கச் சொல்லுங்கள். வீட்டில் போன் சார்ஜில் இருக்கும்போது ‘ம்ம்ம்’ என்று சீராக ஒரு இரைச்சல் வந்தால் காரில் சொன்ன அதே வைத்தியம்தான்: சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள்.

இவ்வளவையும் சொல்லிக்கொண்டு கார் ஆக்சஸரி கடைக்குப் போனால், “இதையெல்லாம் கழட்டிப் போட்டுட்டு பெரிய ஸ்கிரீனா மாட்டிடலாமே சார்” என்றுதான் முதலில் சொல்வார்கள். பின்னால் வரும்போது கேமரா வேண்டும், மேப் பெரிதாகத் தெரிய வேண்டும் என்றால் மாட்டிக்கொள்ளலாம், தவறில்லை. பாட்டுக்காக மட்டும் என்றால் சிப் வைத்த டாங்கிள், இரண்டு வளையக் கேபிள், தேவைப்பட்டால் ஐசொலேட்டர், இத்தனைக்குமே ஸ்கிரீன் விலையில் ஒரு சிறு பங்குகூட ஆகாது. எப்படியும் மாற்றித்தான் ஆக வேண்டும் என்று முடிவானால், காரின் ஒயரை வெட்டி ஒட்ட விடாதீர்கள். உங்கள் கார் மாடலுக்கான கப்ளர் போட்டு மாட்டச் சொல்லுங்கள். கழற்றிய பழைய செட்டையும் அதன் ஒயரோடு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பொதுவான ஒயர் நிறங்கள் உள்ள செட்டில் மஞ்சளையும் சிவப்பையும் சேர்த்து 12 வோல்ட் அடாப்டரின் பாசிட்டிவில் கொடுத்து, கறுப்பை நெகட்டிவில் கொடுத்தால், ஐந்து ஆம்பியர் தரக்கூடிய அடாப்டரில் அது வீட்டிலேயே இரண்டு ஸ்பீக்கரைப் பாடவைக்கும்.